மாமா நெல்லு அள்ளுனாரா? பேச்சைப் பதிந்து சுருதி அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"மாமா நெல்லு அள்ளுனாரு" என்றால் செய்தி. "மாமா நெல்லு அள்ளுனாரா" என்றால் கேள்வி. தமிழில் கேள்வி என்று காட்ட அந்தக் கடைசி ஆகாரமே போதும். அப்படியானால் கேட்கும்போது குரலும் ஏற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஏறுகிறதா? ஏறினால் வாக்கியத்தில் எந்த இடத்தில், எவ்வளவு? தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ மொழியியல் அல்லது தமிழ் படிக்கும் ஒரு மாணவர் செய்யும் முதல் ஆய்வுக்கு இந்த ஒரு கேள்வி போதும். ஒரு போன், ஒரு மடிக்கணினி, நாலு பேர், ப்ராட் என்ற இலவச மென்பொருள் இருந்தால் செய்துவிடலாம்.

ப்ராட், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் புர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது. உலகம் முழுக்க ஒலியியல் ஆய்வாளர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான். `praat.org` தளத்தில் கிடைக்கும். விண்டோஸில் நிறுவும் வேலைகூட இல்லை. ஜிப்பை விரித்து உள்ளே இருப்பதை இரட்டைச் சொடுக்கு போட்டால் திறக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் திரையில் காட்டும் நீலக்கோடு சுருதி அல்ல. சுருதி இதுவாக இருக்கலாம் என்று அது போடும் கணக்கு. குரல் நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதை, அலையில் ஒரே வடிவம் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று பார்த்து ஊகிக்கிறது. பெரும்பாலும் சரியாகச் சொல்லும். தவறும் இடங்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையின் பாதி.

வாக்கியத்தைத் தேர்வது

எந்த வாக்கியத்தையும் எடுத்துவிட முடியாது. க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளைச் சொல்லின் தொடக்கத்திலோ இரட்டித்தோ சொல்லும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை. அந்த இடத்தில் சுருதி என்ற ஒன்றே கிடையாது, கோடு அறுந்துவிடும். போதாக்குறைக்கு, அப்படிப்பட்ட ஒலிக்கு அடுத்து வரும் உயிரின் தொடக்கத்தில் சுருதி கொஞ்சம் தூக்கிவிடும். "பக்கத்து கடைக்குப் போனான்" என்று ஒரு வாக்கியத்தை எடுத்தால், நீங்கள் அளப்பது கேள்வியின் ஏற்றமா, வல்லினத்தின் சேட்டையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

அதனால்தான் "மாமா நெல்லு அள்ளுனாரு". ம, ந, ல, ள, ன, ர எல்லாமே அதிர்வோடு ஒலிக்கும் எழுத்துகள். தொடக்கம் முதல் முடிவு வரை கோடு அறாமல் ஓடும். களத்தில் நெல் அள்ளுவது யாருக்கும் புதிதில்லை என்பதால், சொல்பவரும் யோசித்து நிறுத்தமாட்டார். உங்களுக்கு வேறு வாக்கியம் வேண்டுமானால் இதே விதிப்படி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்: மெல்லினம், இடையினம், உயிர் மட்டும்.

இந்த ஜோடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்தி உகரத்தில் முடிகிறது, கேள்வி ஆகாரத்தில் முடிகிறது. வேறு எதுவும் மாறாவிட்டாலும், இ, உ போன்ற உயிர்கள் ஆகாரத்தைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் ஒலிப்பது மனிதக் குரலின் இயல்பு. எனவே "ரு"வையும் "ரா"வையும் நேராக ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று சொல்வது சரியல்ல. அதற்கு முந்திய அசையைப் பாருங்கள்: "அள்ளுனா" வரை இரண்டு வாக்கியமும் ஒன்றே. அந்த "னா"வில் வரும் வித்தியாசம்தான் சுத்தமான ஒப்பீடு. கடைசி அசையையும் அளந்து வையுங்கள், ஆனால் முடிவுக்கு முதல் ஆதாரமாக "னா"வை வையுங்கள்.

பேச வைப்பது

ஆளுக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஐந்து முறை. நாலு பேர் என்றால் மொத்தம் 40 வாக்கியம். முதல் ஆய்வுக்கு அது தாராளம். எண்ணிக்கையைவிட, எப்படிச் சொல்ல வைக்கிறோம் என்பதே முக்கியம்.

தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் நாலு விபத்து நடக்கும். "அள்ளுனாரு" என்று எழுதியிருந்தாலும் படிப்பவர் "அள்ளினார்" என்று மேடைத் தமிழுக்குப் போய்விடுவார். பட்டியலைப் படிக்கும் ராகம் ஒன்று எல்லோருக்கும் உண்டு, அது வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசி வரி வந்ததும் குரல் தானாக இறங்கும். அடுத்தடுத்து செய்தி, கேள்வி, செய்தி, கேள்வி என்று வந்தால், இதில்தான் வித்தியாசம் காட்டச் சொல்கிறார்கள் என்று அவரே புரிந்துகொண்டு கூத்து நடிகர் மாதிரி இழுத்துச் சொல்லத் தொடங்குவார்.

இதற்குத் தீர்வு, சூழலைச் சொல்லிப் பேச வைப்பது. "சித்தி உங்கள களத்துல என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்க, மாமா நெல்லு அள்ளுனாருன்னு சொல்லுங்க அத்தே" என்று ஒன்று. "மாமா களத்துலேருந்து வந்துட்டாரு, வேலை ஆச்சான்னு தெரியல, மாமா நெல்லு அள்ளுனாரான்னு சித்திகிட்ட கேளுங்க" என்று இன்னொன்று. நடுநடுவே சம்பந்தமில்லாத வாக்கியங்களைப் போடுங்கள்: "பஸ்ஸு போயிடுச்சு", "சாவி எங்க வச்சே?", "மழை வரும்போல". வரிசையைக் குலுக்குங்கள், ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். முதலிலும் கடைசியிலும் உங்கள் வாக்கியம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூழல் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். "யாரு நெல்லு அள்ளுனா?" என்று ஒருவரிடமும், "என்ன நடந்துச்சு?" என்று இன்னொருவரிடமும் கேட்டால், முன்னவர் "மாமா"வில் அழுத்தம் கொடுப்பார், பின்னவர் கொடுக்கமாட்டார். அந்த அழுத்தம் மொத்தக் கோட்டையும் மாற்றிவிடும்.

பேசுபவரிடம் எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கோப்பில் பெயர் போடாமல் `P1`, `P2` என்று போடுங்கள். வயது, ஊர், ஆணா பெண்ணா என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் இடம்

டெல்டாவில் அமைதியான இடம் தேடுவது லேசான காரியம் இல்லை. மின்விசிறி, வயலில் மோட்டார், கோயில் ஒலிபெருக்கி, மழை பெய்த ராத்திரியில் தவளை. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டு வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ பதியத் திட்டமிட்டால் மழைச் சத்தமே பதிவாகும்.

சத்தம் பதிவைக் கெடுக்கும் என்பது தெரிந்ததுதான். பலர் மறப்பது, சத்தம் பேசுபவரையும் மாற்றிவிடும் என்பதை. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே உரக்கப் பேசுவான், சுருதியும் கூடவே ஏறும். இதற்கு லோம்பார்ட் விளைவு என்று பெயர். அறுவடை இயந்திரம் ஓடும் வயல் ஓரத்தில் ஒருவரையும், மதியம் அடைத்த அறையில் இன்னொருவரையும் பதிந்தால் அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. பிறகு மென்பொருளில் இரைச்சலை வடிகட்டினாலும், ஏற்கெனவே ஏறிப்போன குரல் இறங்காது. ஒரே ஆளின் பத்து வாக்கியத்தையும் ஒரே உட்காரலில், ஒரே அறையில் முடித்துவிடுங்கள். பாதியில் மோட்டார் ஓடத் தொடங்கினால் நிறுத்தி, அது அணையும்வரை காத்திருங்கள்.

டைல்ஸ் போட்ட காலியான ஹால் எதிரொலிக்கும், வேண்டாம். நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறை கிடைத்தால் விடாதீர்கள். சாக்கும் நெல்லும் எதிரொலியைக் குடித்துவிடும், ஸ்டூடியோவுக்கு அடுத்தபடி அதுதான். இல்லாவிட்டால் மெத்தை, துணி அலமாரி இருக்கும் படுக்கையறை. விசிறியை அணையுங்கள். வெயிலில் வேர்க்கும் என்பதால் காலை ஆறு, ஏழு மணிக்கு வைத்துக்கொள்வது நல்லது, சேவல் ஓய்ந்த பிறகு.

கருவியும் அமைப்பும்

போன் போதும். ஆனால் வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம். ஒலியைச் சுருக்கி அனுப்பும், தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். சுருதி அளவில் அந்தச் சுருக்கத்தால் பெரிய நஷ்டம் வராது என்பது உண்மை. ஆனாலும் பின்னால் உரப்பையோ உயிரொலித் தரத்தையோ அளக்க நினைத்தால் கைகொடுக்காது. WAV வடிவில் சேமிக்கும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, 44100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வையுங்கள். இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

போனை வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டாம். ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள்; கையில் பிடித்தால் உரசல் பதியும். ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லி ஒலியளவைப் பாருங்கள். அதிகபட்சம் −12 முதல் −6 டெசிபல் வரை எட்டினால் சரி. அலையின் உச்சி வெட்டினாற்போல் தட்டையாக இருந்தால் அளவு மீறிவிட்டது. தூரம் கூட்டி மறுபடி பதியுங்கள். தொடக்கத்தில் ஐந்து நொடி யாரும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் பதிந்து வையுங்கள். அது எதற்கு என்று கீழே வரும்.

மடிக்கணினியிலேயே பதிவதானால் ப்ராட்டில் `New` > `Record mono Sound...` உண்டு. அப்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் முனகல் 50-லும் 100-லும் பதிவில் இறங்கும். ஓர் ஆணின் குரல் சுருதியும் 100-ஐ ஒட்டியே ஓடும் என்பதால், மென்பொருள் முனகலைக் குரல் என்று எண்ணிவிடும். கண்டுபிடிப்பது எளிது: யாரும் பேசாத அந்த ஐந்து நொடியில், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்கோடாக 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் நீலக்கோடு தெரியும். மனிதக் குரலில் அப்படி ஒரு நேர்கோடு வராது.

போனில் பதிந்தது m4a கோப்பாக இருந்து ப்ராட் திறக்க மறுத்தால், இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

```
ffmpeg -i P1.m4a -ac 1 -ar 44100 P1.wav
```

மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

கோட்டைப் பார்ப்பது

`Open` > `Read from file...` வழியாகக் கோப்பைத் திறந்து, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து `View & Edit` அழுத்துங்கள். மேலே அலை, கீழே சாம்பல் நிறத்தில் ஒலிநிறமாலை, அதன்மேல் நீலத்தில் சுருதிக் கோடு. நீலம் தெரியாவிட்டால் `Pitch` மெனுவில் `Show pitch` போடுங்கள். நீளமான பதிவை முழுதாக விரித்திருந்தாலும் கோடு வராது. ஒரு வாக்கியத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குங்கள்.

தமிழில் பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லும் தாழ்வாகத் தொடங்கி, முடிவை நோக்கி ஏறும். "மாமா"வில் ஒரு மேடு, "நெல்லு"வில் ஒரு மேடு, இரண்டாவது சற்றுத் தணிவாக. கடைசி வினைச்சொல்லில் என்ன ஆகிறது என்பதுதான் நம் கேள்வி. வாக்கியம் ஓட ஓட மொத்தமாகக் கீழே சரிவதும் இயல்பு. அதனால் வாக்கியத் தொடக்கத்தை முடிவோடு ஒப்பிட்டு "இறங்கிவிட்டது" என்று எழுத வேண்டாம். செய்தியின் "னா"வைக் கேள்வியின் "னா"வோடு ஒப்பிடுங்கள்.

எல்லையைச் சரியாக வைப்பது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போவோம். முதல் ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

ப்ராட் சுருதியைத் தேடும்போது கீழ் எல்லை ஒன்றும் மேல் எல்லை ஒன்றும் கேட்கும். அமைப்பை மாற்றாமல் விட்டால், பழைய பதிப்புகளில் 75-இலிருந்து 500 அல்லது 600 வரை தேடும். 2023 இறுதியில் வந்த 6.4 முதலான பதிப்புகளில் கணக்கிடும் முறையும் வேறு, தேடும் பரப்பும் 50 முதல் 800 வரை. இவ்வளவு அகலமான பரப்பில் தேடவிட்டால் அது ஒரு ஸ்தாயி கீழேயோ மேலேயோ தாவிவிடும். 204 ஹெர்ட்ஸில் பேசும் பெண்ணின் குரலைச் சட்டென்று 102 என்று காட்டும். அலையின் இரண்டு சுற்றைச் சேர்த்து ஒரு சுற்று என்று எண்ணியதன் விளைவு அது. ஆணின் குரலில் இதன் தலைகீழும் நடக்கும்.

ஆளுக்கு ஆள் எல்லை வைக்க எளிய வழி ஒன்று உண்டு. அவருடைய பதிவு முழுவதற்கும் ஒருமுறை அகலமான எல்லையோடு சுருதியைக் கணக்கிடுங்கள். பட்டியலில் Sound-ஐத் தேர்ந்தெடுத்து, `Analyse periodicity` மெனுவில் `To Pitch...` எடுத்து 75, 600 என்று கொடுங்கள். வரும் Pitch பொருளில் `Query` > `Get quantile...` போய் 0.25-க்கும் 0.75-க்கும் உரிய மதிப்பை வாங்குங்கள். முதலாவதை 0.75-ஆல் பெருக்கினால் கீழ் எல்லை. இரண்டாவதை 1.5-ஆல் பெருக்கினால் மேல் எல்லை.

ஒரு பெண்ணுக்கு 188-உம் 236-உம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 188 × 0.75 = 141, 236 × 1.5 = 354. முழுமையாக்கி 140–360 என்று வையுங்கள். ஓர் ஆணுக்கு 92, 118 வந்தால் 70–180. இதே எண்களை `Pitch` > `Pitch settings...` பகுதியிலும் கொடுத்துவிடுங்கள், திரையில் பார்ப்பதும் கணக்கும் ஒரே எல்லையில் இருக்கும். கேள்வியில் குரல் மிக ஏறிப் போய் மேல் எல்லையில் முட்டி நின்றால், கோடு அங்கே அறுந்திருக்கும். அப்போது மேல் எல்லையைக் கொஞ்சம் தூக்குங்கள், ஆனால் அந்த ஆளின் எல்லா வாக்கியத்துக்கும் சேர்த்துத் தூக்குங்கள்.

சந்தேகம் வரும் இடத்தில் கையாலேயே அளந்துவிடலாம். கோடு திடீரென்று பாதியாகவோ இரட்டிப்பாகவோ தாவும் இடத்தில், அலையைச் சுற்றுகள் தனித்தனியாகத் தெரியுமளவுக்குப் பெரிதாக்குங்கள். உயர்ந்த உச்சி ஒன்றில் தொடங்கி, அதே வடிவம் பத்து முறை திரும்பும்வரை தேர்ந்தெடுங்கள். தேர்ந்த பகுதியின் நீளம் திரையின் மேலே வரும். அது 0.049 நொடி என்றால் 10 ÷ 0.049, அதாவது 204 ஹெர்ட்ஸ். நீலக்கோடு 102 என்று சொன்னால் நீலக்கோடுதான் தவறு. ஒரே ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்தால் வகுத்த விடையையும் ப்ராட் அந்த நீளத்துக்குப் பக்கத்திலேயே காட்டிவிடும். ஆனால் பத்துச் சுற்று எடுத்தால் கை நடுங்கும் பிழை பத்தில் ஒரு பங்காகிவிடும்.

புள்ளி வைத்து எண் எடுப்பது

Sound-ஐத் தேர்ந்தெடுத்து `Annotate` > `To TextGrid...` போங்கள். அடுக்கின் பெயராக `pt` என்று கொடுத்து, புள்ளி அடுக்கு கேட்கும் கட்டத்திலும் அதையே எழுதுங்கள். பிறகு Sound, TextGrid இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து `View & Edit`. "னா"வின் ஆகாரம் ஒலிநிறமாலையில் தெளிவாகத் தெரியும்: னகரம் மங்கலாக இருக்கும், ஆகாரம் தொடங்கியதும் கரும்பட்டைகள் பளிச்சென்று வரும், ரகரத்தில் நாக்கு தட்டும் இடத்தில் சின்ன வெளிச்சக் கீறல் விழும். அந்த ஆகாரத்தின் நடுவில் சொடுக்கி எண்டர் அழுத்தினால் புள்ளி வரும். அதற்கு `S1N` என்று பெயர் போடுங்கள்: செய்தி, முதல் தடவை, னா. கேள்வியானால் `Q1N`. வாக்கியத்தின் கடைசி உயிரின் நடுவில், முடிவு என்பதைக் குறிக்க `S1E`, `Q1E`. புள்ளி வைக்கும்போது நீலக்கோட்டைப் பார்த்து வைக்காதீர்கள். நமக்குப் பிடித்த உச்சிக்குக் கை தானாகப் போகும். `Show pitch`-ஐ அணைத்துவிட்டு, ஒலிநிறமாலையை மட்டும் பார்த்து வையுங்கள்.

ப்ராட்டை மூடினால் பட்டியலில் இருப்பதெல்லாம் போய்விடும், TextGrid-ஐ `Save` > `Save as text file...` மூலம் சேமித்துவிடுங்கள்.

ஒவ்வொரு புள்ளியாக எண்ணை எழுதுவதற்குப் பதில் சின்ன ஸ்கிரிப்ட் போதும். `Praat` > `New Praat script` திறந்து இதை ஒட்டி, Sound, TextGrid இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு `Run` கொடுங்கள். `To Pitch` வரியின் இரண்டாவது, மூன்றாவது எண்களில் அந்த ஆளின் எல்லையைப் போடவும்:

```
sound = selected ("Sound")
grid = selected ("TextGrid")
selectObject: sound
pitch = To Pitch: 0, 140, 360
selectObject: grid
n = Get number of points: 1
for i to n
    selectObject: grid
    t = Get time of point: 1, i
    lab$ = Get label of point: 1, i
    selectObject: pitch
    f = Get value at time: t, "Hertz", "linear"
    appendInfoLine: lab$, tab$, fixed$ (f, 1)
endfor
```

வரும் பட்டியலை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால் இரண்டு பத்தியாக விழும். முன்னால் சொன்ன கை அளவை ஆளுக்கு நாலைந்து புள்ளியிலாவது செய்து, ஸ்கிரிப்ட் தந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எண் வராத இடங்கள்

சில புள்ளிகளுக்கு எண்ணுக்குப் பதில் `--undefined--` என்று வரும். பெரும்பாலும் செய்தி வாக்கியத்தின் கடைசி "ரு"வில்தான் இது நடக்கும். அந்த உகரம் குறுகி, மூச்சோடு கரைந்துவிடும், அல்லது குரல் மிகத் தாழ்ந்து கரகரப்பாகிவிடும். வயதானவர்களின் குரலில் இது அதிகம். அலையைப் பெரிதாக்கினால் சுற்றுகள் ஒரே இடைவெளியில் இல்லாமல், ஒன்று நெருங்கி ஒன்று தள்ளிக் கிடக்கும். அங்கே சுருதி என்று ஓர் எண்ணைச் சொல்ல வழியில்லை. கீழ் எல்லையைக் குறைத்துக் குறைத்து எப்படியாவது ஓர் எண்ணை வரவழைப்பது ஏமாற்று வேலை.

அதை வெறுமனே விட்டுவிட்டும் போக முடியாது. யோசித்துப் பாருங்கள்: குரல் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் எண் காணாமல் போகிறது. அந்த வாக்கியங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டால், அதிகம் தாழாத செய்திகள் மட்டுமே கணக்கில் வரும். செய்தியின் முடிவு உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியும், செய்திக்கும் கேள்விக்கும் உள்ள தூரம் குறைந்து தெரியும். ஆகவே "முடிவு" என்ற அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, இருபது செய்தியில் எத்தனை கரகரப்பில் முடிந்தன, இருபது கேள்வியில் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். செய்தி பல கரகரப்பில் முடிந்து, கேள்வி ஒன்றுகூட அப்படி முடியாவிட்டால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு. "னா"வில் இந்தத் தொல்லை அபூர்வம் என்பது அதை முதல் ஆதாரமாக வைத்ததற்கு இன்னொரு காரணம்.

ஹெர்ட்ஸிலிருந்து செமிடோனுக்கு

ஓர் உதாரணத்துக்கு, பெண் ஒருவரின் "னா" செய்தியில் சராசரி 196, கேள்வியில் 218 என்று வைத்துக்கொள்வோம். ஆண் ஒருவருக்கு 98, 109. வித்தியாசம் முதலவருக்கு 22 ஹெர்ட்ஸ், இரண்டாமவருக்கு 11. பெண்கள் இரு மடங்கு ஏற்றுகிறார்கள் என்று எழுதத் தோன்றும். காது அப்படிக் கேட்பதில்லை. அது விகிதத்தைத்தான் கேட்கிறது. ச-விலிருந்து ரி-க்குப் போவது நாதஸ்வரத்தில் எந்தக் கட்டையில் வாசித்தாலும் ஒரே இடைவெளி என்பதுபோல. அதனால் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்த செமிடோன் அளவுக்கு மாற்றுங்கள்:

```
=12*LOG(B2/A2,2)
```

A2-வில் செய்தி, B2-வில் கேள்வி. உங்கள் எக்செல்லில் காற்புள்ளி பிழை காட்டினால் அரைப்புள்ளி போடுங்கள். 218/196-க்கு 1.84 வரும். 109/98-க்கும் 1.84-தான். இருவரும் ஏற்றியது ஒரே அளவு.

இந்த வித்தியாசத்தை ஆளுக்கு ஓர் எண்ணாகச் சுருக்குங்கள். ஐந்து செய்திக்கு ஒரு சராசரி, ஐந்து கேள்விக்கு ஒரு சராசரி, இரண்டுக்கும் இடையில் எத்தனை செமிடோன். நாலு பேருக்கு நாலு எண் கிடைக்கும். உங்கள் முடிவு அந்த நாலு எண்கள்தான், நாற்பது அல்ல. ஒரே ஆள் ஐந்து முறை சொன்னதை ஐந்து தனி ஆதாரமாக எண்ணி, கூட்டிப் பெருக்கிப் புள்ளியியல் சோதனை போட்டு "நிரூபணம்" என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதில்தான் வரும். நாலு பேரில் நாலு பேருக்கும் ஏற்றம், 0.9-இலிருந்து 2.3 செமிடோன் வரை என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். மூன்று பேருக்கு ஏறி ஒருவருக்கு இறங்கினால் அதையும். அந்த ஒருவரின் பதிவை மறுபடி கேளுங்கள். கேள்வியைக் கேட்டாரா, சலிப்பில் ஒப்பித்தாரா என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதிலும் கறாராக இருங்கள். மன்னார்குடிப் பக்கம் நாலு பேர் ஒரு வாக்கியத்தைச் சொன்னதிலிருந்து "டெல்டா தமிழின் வினா ராகம்" என்று தலைப்புப் போட முடியாது. தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் ஒப்பிடவும் முடியாது. இந்த நாலு பேர், இந்த ஜோடி, ஆகார விகுதி இருந்தும் குரல் இந்த அளவு ஏறியது, அல்லது ஏறவில்லை, அவ்வளவுதான்.

அறிக்கையில் செய்முறைப் பத்தி இப்படி இருந்தால், வேறொருவர் உங்கள் பதிவை எடுத்து அதே எண்ணை வரவழைக்க முடியும்: "பதிவு போனில், WAV, 44100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வாயிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ.; மூடிய அறை, விசிறி அணைக்கப்பட்டது. சுருதி ப்ராட் மென்பொருளின் `To Pitch` கட்டளையால் அளக்கப்பட்டது. கீழ், மேல் எல்லைகள் பேசுபவர்வாரியாக: P1 140–360, P2 70–180. 'னா' அசையின் உயிர் நடுப்புள்ளியில் மதிப்பு எடுக்கப்பட்டது. தாவல் பிழைகள் அலையில் சுற்றுகளை எண்ணிச் சரிபார்க்கப்பட்டன. கரகரப்பில் முடிந்த வாக்கியங்கள் தனியே எண்ணப்பட்டன." இதோடு ப்ராட்டின் பதிப்பு எண்ணையும் சேருங்கள். `About Praat` அழுத்தினால் தெரியும். பதிப்புக்குப் பதிப்பு கணக்கிடும் முறை மாறியிருப்பதால், அந்த எண் இல்லாத செய்முறை பாதிச் செய்முறைதான்.